1869, 1750, 1626: இதில் எது நம் சம்பளம்?

தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் இப்போது மூன்று எண்கள் அடிபடுகின்றன. மேடைகளில் தலைவர்கள் 1750 ரூபா என்கிறார்கள். தோட்டத்துரையிடம் போய்க் கேட்டால், "உங்களில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1800க்கு மேல் செலவாகிறது" என்கிறார். சம்பள நாளில் சீட்டை விரித்துப் பார்க்கும் தொழிலாளியோ, பேருக்கு 1600 சொச்சம்தான் வருகிறது, மீதி எங்கே போனது என்று கேட்கிறார். யாரோ ஒருவர் பொய் சொல்ல வேண்டும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் மூவருமே பொய் சொல்லவில்லை. ஒரே நாள் வேலையை மூன்று பேர் மூன்று இடத்தில் நின்று எண்ணுகிறார்கள். இந்த மூன்று எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் தெரியாவிட்டால் அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் நாம் ஏமாறுவோம். அதனால் இம்முறை தலையங்கத்தில் கோஷம் எதுவும் எழுதாமல் ஒரு கணக்கையே எழுதுகிறோம்.

முதலில் மேடை எண்ணைப் பார்ப்போம். 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், 1350 ரூபாவாக இருந்த நாட்சம்பளத்தை ஜனவரி முதல் 1550 ரூபாவாக உயர்த்துவதென்றும், அதற்கு மேல் நாளொன்றுக்கு 200 ரூபா வரவு ஊக்கக் கொடுப்பனவை அரசாங்கம் தருவதென்றும் அறிவிக்கப்பட்டது. இரண்டையும் கூட்டினால் 1750. ஆனால் இந்த இரண்டும் ஒரே வகைக் காசு அல்ல. 1550 நாட்சம்பளம், 200 கொடுப்பனவு. இந்த ஒரு சொல் வித்தியாசத்தில்தான் மற்றதெல்லாம் தொங்குகிறது.

அடுத்தது துரையின் எண். ஊழியர் சேமலாப நிதிக்கு, அதாவது நாம் ஈ.பி.எஃப் என்று சொல்வதற்கு, 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளி நூற்றுக்கு 8 வீதமும் தொழில் கொள்வோர் 12 வீதமும் கட்ட வேண்டும். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊழியர் நம்பிக்கை நிதிக்கு, அதாவது ஈ.டி.எஃப்புக்கு, தொழில் கொள்வோர் மட்டும் 3 வீதம் கட்ட வேண்டும். 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, ஐந்து வருடமோ அதற்கு மேலோ வேலை செய்து விலகும் நாட்சம்பளத் தொழிலாளிக்கு, நிறைவு செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் கொடுக்க வேண்டும். நாம் சேவைக்காலப் பணம் என்று சொல்வது இதைத்தான்.

1550க்கு இதைப் போட்டுப் பார்ப்போம். 12 வீதம் 186 ரூபா. 3 வீதம் 46 ரூபா 50 சதம். சேவைக்காலப் பணம் வருடத்துக்கு 14 தடவை 1550, அதாவது 21,700 ரூபா. ஒரு தொழிலாளி வருடத்துக்கு 250 நாள் வேலை செய்வதாக வைத்து அதைப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 86 ரூபா 80 சதம். எல்லாம் கூட்டினால் 1869 ரூபா 30 சதம். அரசாங்கம் தரும் 200 இதில் சேரவில்லை. கம்பனி "எங்களுக்கு ஆகும் செலவு" என்று சொல்லும் எண் இப்படித்தான் உருவாகிறது.

மூன்றாவது, நம் கைக்கு வரும் எண். 1550இல் நம் பங்கான 8 வீதம், 124 ரூபா, பிடிபடுகிறது. மீதி 1426. அதோடு 200 சேர்ந்தால் 1626. இதற்குப் பிறகுதான் பண்டிகை முற்பணம், சங்கச் சந்தா, தேயிலைத்தூள், கோயில் காசு என்று மற்றக் கழிவுகள் வருகின்றன.

ஆக, 1869 கம்பனியின் செலவு, 1750 மேடையின் பேச்சு, 1626 நம் கைக்காசு. சட்டம் நமக்கென்று கணக்குப் போடும் சம்பளம் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. அது 1550. சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, சேவைக்காலப் பணம் மூன்றும் அந்த ஓர் எண்ணிலிருந்துதான் பிறக்கின்றன.

அப்படியானால் 200 ரூபாவைக் கொடுப்பனவாகத் தந்தால் என்ன, அடிப்படையில் சேர்த்தால் என்ன, காசு காசுதானே என்று ஒருவர் கேட்கலாம். கூட்டங்களில் தாய்மார் கேட்பது இன்னும் நேரான கேள்வி: "ஐம்பது வயதில் வரப்போகும் காசை வைத்து இன்றைக்குப் பால்மா வாங்க முடியுமா?" நியாயமான கேள்வி. அதற்குக் கணக்கிலேயே பதில் சொல்ல வேண்டும்.

200 ரூபா கொடுப்பனவாக வந்தால் 200 ரூபாவும் இன்றைக்கே கையில். அடிப்படையில் சேர்ந்தால் கையில் 184. நம் பேரில் சேமலாப நிதிக்கு 16 போகும். நாம் இழப்பது அந்த 16 ரூபா மட்டும்தான்; அதுவும் தொலையவில்லை, நம் கணக்கில் கிடக்கிறது. ஆனால் அந்த 16க்குப் பக்கத்தில் தொழில் கொள்வோர் 12 வீதமாக 24 ரூபாவும், 3 வீதமாக 6 ரூபாவும் கட்ட வேண்டும். சேவைக்காலப் பணத்தில் நாளொன்றுக்கு 11 ரூபா 20 சதம் ஏறும். மொத்தம் 41 ரூபா 20 சதம். நம் காசு 16ஐத் தள்ளிப்போட்டால் அவர்களின் காசு 41 நமக்கு வருகிறது. சம்பள உயர்வு என்று வரும்போதெல்லாம் அடிப்படையை விட்டுவிட்டு ஊக்கம், வரவு, உற்பத்தித்திறன் என்று புதுப்புதுப் பேர்களில் தருவதைத் தொழில் கொள்வோர் ஏன் விரும்புகிறார்கள் என்பதற்கு இதுவே காரணம். அடிப்படையில் 200 ஏற்றினால் செலவு 241 ரூபா 20 சதம்; கொடுப்பனவாகத் தந்தால் வெறும் 200.

ஒரு மாதத்துக்குப் பார்ப்போம். மாதம் 22 பேர் போடும் ஒரு தோழியின் சீட்டை எடுத்துக்கொள்வோம். நாட்சம்பளம் 34,100 ரூபா. வரவுக் கொடுப்பனவு 4,400. மொத்தம் 38,500. சேமலாப நிதிக்கு அவருடைய பங்கு 2,728, தோட்டத்தின் பங்கு 4,092. ஆக அவருடைய பேரில் அந்த மாதம் 6,820 ரூபா போய்ச் சேர வேண்டும். நம்பிக்கை நிதிக்கு இன்னும் 1,023. இப்போது 1750 முழுவதுமே நாட்சம்பளமாக இருந்திருந்தால்? சேமலாப நிதிக்கு 7,700, நம்பிக்கை நிதிக்கு 1,155. மாதத்துக்கு 1,012 ரூபா கூட. அதில் 352 அவருடைய சொந்தக் காசு. 660 தொழில் கொள்வோர் கட்ட வேண்டியது.

வேலையை விட்டு நிற்கும் நாளில் வித்தியாசம் இன்னும் பெரிதாகத் தெரியும். சேவைக்காலப் பணம் கடைசியாகப் பெற்ற சம்பள விகிதத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 25 வருடம் கொழுந்து பறித்தவருக்கு 1550 விகிதத்தில் 542,500 ரூபா. 1750 விகிதத்தில் 612,500 ரூபா. நாளொன்றுக்கு 200 ரூபாவுக்குக் கொடுப்பனவு என்று பேர் வைத்ததால் கடைசி நாளில் 70,000 ரூபா குறைகிறது.

இது புதுக் கதை இல்லை. 2016ஆம் ஆண்டு கூட்டு ஒப்பந்தத்தை நினைத்துப் பாருங்கள். 730 ரூபா என்று சொன்னார்கள். அதில் அடிப்படை 500தான். வரவுக்கு 60, உற்பத்தித்திறனுக்கு 140, விலைப் பங்குக்கு 30. காய்ச்சலில் படுத்து வரவு குறைந்தால் 60 போனது. மழையிலோ வரட்சியிலோ கொழுந்து குறைந்து கிலோ எட்டாவிட்டால் 140 போனது. 730ஐக் கண்ணால் காணாத மாதங்களே பலருக்கு அதிகம். அந்தக் காலத்தில் 30 வருட சேவையோடு விலகியவர், 30 வருடம், 14 நாள், 500 ரூபா என்று 210,000 ரூபாதான் பெற முடியும். 730 அவருடைய சம்பளமாக இருந்திருந்தால் 306,600.

பிறகு 2019 வந்தது. ஆயிரம் ரூபா கேட்டுத் தெருவில் நின்றோம். கிடைத்தது 750: அடிப்படை 700, விலைப் பங்கு 50. வரவுக் கொடுப்பனவும் உற்பத்தித்திறன் கொடுப்பனவும் எடுக்கப்பட்டன. "இருபது ரூபாவுக்காகவா இத்தனை நாள்?" என்று மக்கள் கொதித்தார்கள். கொதிப்பில் நியாயம் இருந்தது. ஒரு கொடுப்பனவையும் இழக்காமல் 730ஐ முழுதாக எடுத்தவருக்கு, சேமலாப நிதி பிடித்த பின் முன்பு கையில் வந்தது 690. புதிய ஒப்பந்தத்தில் 694. நாளொன்றுக்கு நாலு ரூபா! ஆனால் அதே ஒப்பந்தத்தில் அடிப்படை 200 ரூபா ஏறியது. சேமலாப நிதிக்கு இரு தரப்பும் கட்டுவது நாளொன்றுக்கு 100 ரூபாவிலிருந்து 140 ஆனது. 30 வருடச் சேவைக்காலப் பணம் 210,000இலிருந்து 294,000 ஆனது.

2019இல் கிடைத்தது நல்ல ஒப்பந்தம் என்று நாம் சொல்லவில்லை. கைக்கு நாலு ரூபா மட்டும் கூடிய ஒப்பந்தத்தை யாரும் வெற்றி என்று கொண்டாட முடியாது. நாம் சொல்ல வருவது வேறு. அதில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. ஒன்று, மொத்த எண்ணை மட்டும் பார்த்தால் கிடைத்ததும் தெரியாது, போனதும் தெரியாது. மற்றது, கொடுப்பனவு என்பது ஒரு கையெழுத்தில் மறைந்துவிடும். 200 ரூபாப் பெறுமதியான இரண்டு கொடுப்பனவுகள் ஒரே நாளில் ஒப்பந்தத்திலிருந்து காணாமல் போயின. அடிப்படைச் சம்பளத்தை அப்படிக் காணாமல் ஆக்க முடியாது. 2024இலும் இதையே கண்டோம். பல மாதங்கள் 1700 என்று பேசினார்கள். 1350 அடிப்படை, 350 உற்பத்தித்திறனுக்கு என்றார்கள். செப்டெம்பரில் சம்பள நிர்ணய சபை மூலம் குறைந்தபட்ச நாட்சம்பளமாக வர்த்தமானியில் வந்து நின்றது 1350 மட்டுமே.

இப்போது கம்பனிகளின் மொத்தச் செலவுக் கணக்குக்கு வருவோம். தொழில் கொள்வோர் கட்டும் 12 வீதமும் 3 வீதமும் உண்மையான செலவுதான்; அதை நாம் மறுக்கவில்லை. அது நம்முடைய காசு என்பதும் உண்மை. ஆனால் அது சம்பள உயர்வு இல்லை. அடிப்படை ஏறினால் சட்டப்படி அது தானாக ஏறும். அதற்குத் தனியாகப் பேச்சுவார்த்தை தேவையில்லை. ஆகவே பேச்சு மேசையில் "சேமலாப நிதி, நம்பிக்கை நிதி எல்லாம் சேர்த்து இவ்வளவு தருகிறோம்" என்று ஒரு பெரிய எண் வந்தால், அதைப் பிரித்துப் பார்க்காமல் கை தட்டக்கூடாது.

பிரிக்க ஒரு எளிய வழி இருக்கிறது. அடிப்படை 100 ரூபா என்றால் சேமலாப நிதிக்கு 12, நம்பிக்கை நிதிக்கு 3, சேவைக்காலப் பணத்துக்கு 250 நாள் கணக்கில் 5 ரூபா 60 சதம். மொத்தச் செலவு 120 ரூபா 60 சதம். எனவே மொத்தச் செலவு எண்ணில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கைக் கழித்தால் மீதிதான் சம்பளம். உதாரணமாக, "எல்லாம் சேர்த்து 2000 தருகிறோம்" என்று நாளை யாராவது சொன்னால், அடிப்படை சுமார் 1658தான். அதில் 8 வீதம் போனால் கைக்கு வருவது சுமார் 1525. அந்த 2000க்குள் ஊக்கக் கொடுப்பனவுகளையும் திணித்திருந்தால் அடிப்படை இன்னும் கீழே இருக்கும். 2000 என்ற எண்ணைக் கேட்டு லயத்தில் பட்டாசு கொளுத்திய பிறகு சம்பள நாளில் அழக்கூடாது அல்லவா?

இதை ஒவ்வொருவரும் தன் சம்பளச் சீட்டில் சரிபார்க்கலாம். முதலில் செக்ரோலில் விழுந்த பேர்களை எண்ணுங்கள். வீட்டுக் கலண்டரில் தினமும் ஒரு கோடு போட்டு வைத்தால் போதும். அரைப் பேர் போட்ட நாளை அரைக் கோடாகக் குறியுங்கள். பேர்களை 1550ஆல் பெருக்கினால் நாட்சம்பள வரி வர வேண்டும். அதில் நூற்றுக்கு 8, நம் கழிவாக இருக்க வேண்டும். 12ஐ நம் சம்பளத்திலிருந்து கழிக்கத் தொழில் கொள்வோருக்குச் சட்டத்தில் இடமே இல்லை. வரவுக் கொடுப்பனவு தனி வரியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதியிருந்தால், எது நாட்சம்பளம், எதன் மீது சேமலாப நிதி போடப்பட்டது என்று கேட்டுப் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

சீட்டில் கழித்தது மட்டும் போதாது. கழித்த காசு போய்ச் சேர்ந்ததா என்பது அடுத்த கேள்வி. சேமலாப நிதிக் கணக்கு அறிக்கை வருடத்துக்கு இரு தடவை வருகிறது. அதில் ஆறு மாதத் தொகையை ஆறு சம்பளச் சீட்டோடு ஒப்பிடுங்கள். மேலே சொன்ன தோழி ஆறு மாதமும் 22 பேர் போட்டிருந்தால், அவருடைய பங்கும் தோட்டத்தின் பங்குமாக 40,920 ரூபா இருக்க வேண்டும். ஒரு மாதத்தின் காசை அடுத்த மாதக் கடைசிக்குள் கட்டலாம் என்பதால் கடைசி மாதத் தொகை மட்டும் அடுத்த அறிக்கையில் விழலாம். அதற்கு மேல் குறைந்தால் எங்கோ தவறு இருக்கிறது. பேர் குறைத்து அனுப்பியிருக்கலாம். அல்லது நம்மிடம் பிடித்துவிட்டுக் கட்டாமல் இருக்கலாம். பிந்திக் கட்டினால் 5 முதல் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. சேவைக்காலப் பணத்தையும் வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும்; பிந்தினால் அதற்கும் மேலதிகக் கட்டணம் உண்டு. முறைப்பாட்டைத் தொழிற் காரியாலயத்தில் கொடுக்கலாம். ஆனால் அங்கே கேட்கும் முதல் கேள்வி "சீட்டு இருக்கிறதா?" என்பதுதான். மழை ஒழுகும் கூரைக்குக் கீழே இருக்கிறோம். சீட்டுகளை ஒரு பொலித்தீன் பையில் போட்டு, பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.

இன்னொரு ஓட்டையையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் பேர் விழுந்த நாளுக்கு மட்டும்தான் வேலை செய்கிறது. பல தோட்டங்களில் பேர் இல்லாமல் கிலோவுக்குக் காசு என்று கொழுந்து பறிக்க வைக்கிறார்கள். சில இடங்களில் காணித் துண்டைப் பிரித்துக் கொடுத்து, "நீங்கள் இனித் தொழிலாளி இல்லை, உற்பத்தியாளர், கொழுந்துக்கு விலை தருகிறோம்" என்கிறார்கள். அன்று மாலை கையில் விழும் நோட்டு பெரிதாகத்தான் தெரியும். ஆனால் அந்த நோட்டுக்குப் பின்னால் 12 வீதமும் இல்லை, 3 வீதமும் இல்லை, 14 நாளும் இல்லை. 1869இல் நம் பேரில் ஒதுக்கப்பட வேண்டிய 319 ரூபா அந்த நாளில் கம்பனியிடமே தங்கிவிடுகிறது. கிலோக் கணக்கில் பேசிய கூலியும் கூலிதான். அதற்கும் சேமலாப நிதி உண்டு. ஒரு புதிய முறைக்குக் கையெழுத்து வைக்கச் சொன்னால், உங்கள் சேவைக்காலம் அன்றோடு முறிகிறதா, அதுவரை சேர்ந்த சேவைக்காலப் பணம் எப்போது தரப்படும் என்ற இரண்டையும் எழுத்தில் கேட்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

அரசாங்கம் தரும் 200 ரூபாவை வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வரும் காசு வரட்டும். ஆனால் அதை வாங்கிக்கொண்டு 1750 நம் சம்பளம் என்று நாமே சொல்லத் தொடங்கினால், அடுத்த பேச்சுவார்த்தையில் கம்பனி 1750இலிருந்து கணக்கைத் தொடங்கும். நம் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் 1550இலேயே நிற்கும். அடுத்த வருடம் அந்தக் கொடுப்பனவுக்குத் திறைசேரியில் காசு இல்லை என்றால் தோட்டத்தில் யாரிடம் போய்க் கேட்பது? ஆகவே நம் கோரிக்கை இதுதான்: அந்த 200ஐயும் அடிப்படை நாட்சம்பளத்தோடு சேர்த்து, சம்பள நிர்ணய சபை மூலம் வர்த்தமானியில் வெளியிட வேண்டும். இனி எந்த உயர்வையும் அடிப்படை, கொடுப்பனவு, தொழில் கொள்வோர் கட்டுவது என்று மூன்று வரியாகப் பிரித்து மேசையில் வைக்க வேண்டும். பிரிக்காத எண்ணுக்கு நம் சங்கம் பதில் சொல்லாது.

தோழர்களே, தோழியரே, வரும் மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு உங்கள் கடைசி மூன்று சம்பளச் சீட்டுகளையும் சேமலாப நிதி அறிக்கையையும் எடுத்து வாருங்கள். படிக்கிற பிள்ளையையும் ஒரு கல்குலேட்டரையும் கூட்டி வாருங்கள். தலைவரும் மாதர் தலைவியும் பக்கத்தில் இருந்து கணக்குப் பார்ப்பார்கள். கணக்குப் பிழைத்த சீட்டு ஒவ்வொன்றையும் மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பி வையுங்கள். யாராவது உங்களிடம் "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டால், இன்று முதல் 1750 என்று சொல்லாதீர்கள். 1550 என்று சொல்லுங்கள்.